18/35-ன்னு எழுதினா எது வீட்டு நம்பர்? மாவு டெலிவரியும் திருவல்லிக்கேணி முகவரிகளும்

மாவுக்கடை_மாம்பலம் | செவ்வாய், இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். மேற்கு மாம்பலத்துல வீட்டுலயே இட்லி மாவு, அடை மாவு அரைச்சு விக்கிறோம். முதல்ல எங்க தெருவைச் சுத்தி மட்டும்தான் கொடுத்துட்டிருந்தோம். இப்ப தி.நகர், ராயப்பேட்டை, திருவல்லிக்கேணி வரைக்கும் போகுது. காலையில அஞ்சரையிலேர்ந்து எட்டு மணிக்குள்ள ஏறக்குறைய 60 வீடு. ரெண்டு தம்பிங்க வண்டியில கொண்டு போறாங்க.

போன வாரம் முழுக்க நோட்டுல குறிச்சு வெச்சேன். 38 பாக்கெட் தப்பா போயிருக்கு, இல்ல வீடு கிடைக்காம திரும்பி வந்திருக்கு. அதுல 22 திருவல்லிக்கேணி மட்டுமே. மாவு கூரியர் கவர் மாதிரி இல்லை. நாளைக்குக் கொடுக்கலாம்னு வெச்சா புளிச்சுடும், அப்படியே நஷ்டம்.

ஒண்ணு மட்டும் விவரமா சொல்றேன். ஒரு அம்மா முகவரியில "18/35"-ன்னு எழுதி, கீழ தெரு பேரு, "சென்னை 5"-ன்னு போட்டிருந்தாங்க. தம்பி தெருவுக்குப் போனார், 18-ன்னு பலகை இருந்த வீட்டுல கொடுத்துட்டு வந்துட்டார். அது புது 18. அந்த அம்மா வீடு பழைய 18, புதுசு 35. ரெண்டுக்கும் நடுவுல நூறு மீட்டருக்கு மேல இருக்கு. அவங்க ஏழரை வரைக்கும் காத்திருந்துட்டு போன் பண்ணாங்க. குழந்தைக்கு ஸ்கூலுக்கு டிபன் கட்ட முடியலைன்னு குரல் தழுதழுத்துடுச்சு.

எங்க ஆர்டர் பக்கத்துல முகவரிக்கு ஒரே ஒரு பெரிய பெட்டி, அதுக்குக் கீழ மேப்ல பின் வைக்கிற இடம். என் கேள்வி இதுதான்: முகவரிப் பெட்டியை எடுத்துட்டு பின்னை மட்டும் வெச்சுக்கலாமா? இல்ல பெட்டியை நாலா உடைக்கணுமா?

---

நள்ளிரவு_கோடர் | செவ்வாய், இரவு 9:40

அக்கா, முகவரியே வேண்டாம். அட்சரேகை, தீர்க்கரேகை ரெண்டு எண் போதும். தசமத்துக்கு அப்புறம் அஞ்சு இலக்கம் இருந்தா ஒரு மீட்டர் துல்லியம். பழைய நம்பர், புது நம்பர் சண்டையே வராது. ஆர்டர் பண்றப்போ போன்லேர்ந்து தானா எடுத்துக்கலாம், கஸ்டமர் எதையும் டைப் பண்ண வேண்டியதில்லை:

```
navigator.geolocation.getCurrentPosition(
  p => save(p.coords.latitude, p.coords.longitude)
);
```

---

சைக்கிள்_டு_பைக் | செவ்வாய், இரவு 10:25

நான் 11 வருஷமா கூரியர் போடுறேன். அதுல 7 வருஷம் திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் பக்கம்தான். தம்பி சொல்றது ரோட்டு மேல இருக்கிற பங்களாவுக்கு சரி. எங்க ஏரியாவுல ஸ்டோர் வீடு இருக்கே, அதுக்கு என்ன பண்ணுவீங்க? தெருவுல ஒரு கதவுதான் தெரியும். உள்ள நீளமா நடை, ரெண்டு பக்கமும் எட்டுக் குடும்பம். மாடியில இன்னும் மூணு. மேப்ல எல்லாருக்கும் ஒரே புள்ளிதான். பின் என்னைக் கதவு வரைக்கும் கொண்டு வந்து விட்டுடும், அதுக்கப்புறம் "யாருங்க மாவு சொன்னது"ன்னு கத்தணும். காலையில அஞ்சரைக்குக் கத்தினா அடிக்க வருவாங்க.

18/35 விஷயம் ரொம்பப் பழசு மேடம். கொஞ்ச பேர் பழசை முன்னாடி எழுதுவாங்க, கொஞ்ச பேர் புதுசை முன்னாடி. அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் எதுன்னு சட்டம் எதுவும் கிடையாது. சில வீட்டுல பலகையில பழசு மட்டும் இருக்கும், சில வீட்டுல புதுசு மட்டும். நாங்க முதல் தடவை போறப்போ போன் பண்ணிக் கேப்போம்: "உங்க எதிர் வீடு என்ன, பக்கத்துல கடை என்ன?" நம்பரைக் கேக்கவே மாட்டோம்.

---

உத்தமர்சீலி_பையன் | செவ்வாய், இரவு 11:02

இதே பிரச்னை எனக்கும். வீட்டு வரி ரசீதுல புது நம்பர், மின்சார பில்லுல பழைய நம்பர். பேங்க்ல ரெண்டும் ஒத்துப்போகலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பில்லுல நம்பர் மாத்த எங்க மனு கொடுக்கணும்னு யாருக்காவது தெரியுமா?

---

வரைபடக்காரர் | புதன், காலை 6:50

உத்தமர்சீலி தம்பி, அது வேற விஷயம், தனி இழையா போடுங்க, தெரிஞ்சவங்க வருவாங்க. ஆனா நீங்க சொன்னதுல ஒண்ணு இங்க உதவும்: ஒரே வீட்டுக்காரர் கையில இருக்கிற ரெண்டு காகிதத்துல ரெண்டு நம்பர். அப்ப முகவரி கேட்டா எந்தக் காகிதம் பக்கத்துல இருக்கோ அதைப் பார்த்து எழுதுவார். கஸ்டமர் தப்பா எழுதலை, நாம கேட்ட விதம்தான் தப்பு.

நான் சில வருஷம் ஒரு பார்சல் நிறுவனத்துல முகவரிகளைச் சரி பண்ற வேலை பார்த்தேன். மாவுக்கடை அம்மா, பதில் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் தெரியணும். ஒண்ணு, இப்ப உங்க பின் எப்படி வருது? கஸ்டமர் விரலால நகர்த்தறாங்களா, தெரு பேரைத் தேடி வர்ற இடத்தை அப்படியே ஒத்துக்கறாங்களா? ரெண்டு, ஆர்டர் விவரங்களை எதுல வெச்சிருக்கீங்க?

நள்ளிரவு கோடர், நீங்க சொன்ன ஒரு மீட்டர் கணக்கு எழுதற முறைக்கு சரி, அளக்கற கருவிக்கு சரியில்லை. அஞ்சு இலக்கம் எழுதினாலும் போன் அம்பது மீட்டர் தள்ளி நிக்கலாம். திறந்த வெளியில நல்ல போன் அஞ்சு மீட்டர் தூரத்துக்குள்ள சொல்லும். ரெண்டு பக்கமும் மூணு மாடி இருக்கிற சந்துல சிக்னல் சுவத்துல பட்டுத் தெறிச்சு வரும், புள்ளி அடுத்த தெருவுக்கே தாவிடும். வீட்டுக்குள்ள உக்காந்து ஆர்டர் பண்ணா பல சமயம் வைஃபையை வெச்சுத்தான் போன் இடத்தைக் குத்துமதிப்பா சொல்லுது. கம்ப்யூட்டர்லேர்ந்து பண்ணா கிலோமீட்டர் கணக்குல தள்ளும்.

இதையெல்லாம் போனே ஒளிக்காம சொல்லுது. `accuracy`-ன்னு ஒரு எண் கூடவே வருது, மீட்டர் கணக்குல. "நான் சொன்ன புள்ளியிலேர்ந்து இவ்வளவு தூரத்துக்குள்ள எங்கயோ இருக்கேன்"ங்கிறதுதான் அர்த்தம். உங்க கோட்ல அதைப் பார்க்காம சேமிக்கிறீங்க. இப்படி இருக்கணும்:

```
navigator.geolocation.getCurrentPosition(
  p => p.coords.accuracy <= 30
    ? save(p.coords.latitude, p.coords.longitude)
    : askToDrag(p.coords),
  showMap,
  { enableHighAccuracy: true, timeout: 15000 }
);
```

முப்பதுக்குள்ள இருந்தா எடுத்துக்கோங்க, மேல போனா மேப்பைக் காட்டி நகர்த்தச் சொல்லுங்க. 30 நான் பழகின அளவு, வேதம் இல்லை. சந்து நெருக்கமா இருந்தா இன்னும் குறைக்கணும்.

---

மெரினா_மகன் | புதன், காலை 7:35

நான் சிங்கப்பூர்ல இருக்கேன். அம்மா திருவல்லிக்கேணியில தனியா இருக்காங்க. வாரம் ரெண்டு தடவை அவங்களுக்கு மாவு, காய்கறி எல்லாம் நான்தான் இங்கேர்ந்து ஆர்டர் போடுவேன். பல ஆப்ல "உங்க இருப்பிடம்"னு தானா எடுத்துட்டு, "உங்கள் பகுதியில் சேவை இல்லை"ன்னு முடிச்சுடுது. அம்மாவுக்கு மேப்ல பின் வெக்கத் தெரியாது. என் மாதிரி ஆளை மறந்துடாதீங்க.

---

நள்ளிரவு_கோடர் | புதன், காலை 8:10

சார், `accuracy` விஷயம் நிஜமா எனக்குத் தெரியலை, நன்றி. மெரினா மகன் அண்ணா சொன்னதும் உறைக்குது. ஆர்டர் பண்றவர் ஆபீஸ்ல இருக்கலாம், பஸ்ல இருக்கலாம். தானா எடுக்கறதுன்னா அவர் நிக்கிற இடம்தான் வரும், மாவு போக வேண்டிய இடம் வராது.

ஆனா இன்னொண்ணு கேக்கறேன். இந்திய அஞ்சல் துறை டிஜிபின் கொண்டு வந்திருக்கே? இனி பின்கோடு, தெரு, நம்பர் எல்லாத்துக்கும் பதிலா அந்தப் பத்து எழுத்து போதும்தானே?

---

மாவுக்கடை_மாம்பலம் | புதன், காலை 10:20

இப்பதான் டெலிவரி முடிஞ்சு உக்காந்தேன். வரைபடக்காரர் சார், முதல் கேள்விக்கு: தேடற பெட்டி இருக்கு, தெரு பேரு போட்டா பின் தானா போய் உக்காரும், "உறுதி செய்"னு பட்டன். யாரு நகர்த்தறாங்க, யாரு நகர்த்தலைன்னு தெரியலை. ரெண்டாவதுக்கு: எல்லாம் ஒரு எக்செல் ஷீட். அதுல 412 வாடிக்கையாளர் இருக்காங்க. காலையில பட்டியலை அதுலேர்ந்துதான் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன்.

இன்னொண்ணு. இன்னைக்குப் பட்டியல்ல ஒரு வீட்டு நம்பர் `12-Jul`-ன்னு அச்சாகியிருந்தது. தம்பி "அக்கா, இது ஜூலை மாச ஆர்டரா?"ன்னு கேட்டார். அது என்னன்னே புரியலை.

---

வரைபடக்காரர் | புதன், மதியம் 1:15

அந்த `12-Jul` உங்க வாடிக்கையாளரோட 12/7. எக்செல் அதைத் தேதின்னு நெனச்சு மாத்திடுச்சு. 18/35 தப்பிச்சது ஏன்னா 18-ன்னும் மாசம் கிடையாது, 35-ன்னும் மாசம் கிடையாது. ஒரு பக்கம் 12-க்குள்ள இருந்தா மாட்டிக்க வாய்ப்பு இருக்கு. வீட்டு நம்பர் இருக்கிற நெடுவரிசையை டெக்ஸ்ட்னு மாத்துங்க. ஆனா ஏற்கெனவே மாறினது திரும்ப 12/7 ஆகாது, தேதிக்குப் பின்னாடி இருக்கிற அஞ்சு இலக்க எண் ஒண்ணு வரும். அவங்ககிட்ட மறுபடி கேட்டுத்தான் ஆகணும். கேக்கறப்போ "பழைய எண் எது, புதிய எண் எது, வாசல்ல பலகையில எது எழுதியிருக்கு"ன்னு பிரிச்சுக் கேளுங்க. மூணாவது கேள்விதான் டெலிவரி தம்பிக்கு வேணும்.

இப்ப பின். தெரு பேரைத் தேடினா மேப்புக்கு அந்த வீட்டு நம்பர் தெரியாத பட்சத்துல தெருவோட நடுவுல ஒரு புள்ளியைக் கொடுத்துடும். அதுவும் தெரியலைன்னா ஏரியாவோட நடுவுல. கூகுள் மேப் சேவையில இதைப் பிரிச்சே சொல்லுவாங்க: வீட்டையே கண்டுபிடிச்சா `ROOFTOP`, தெருவோட நடு மாதிரின்னா `GEOMETRIC_CENTER`, ஏதோ சுமாரான இடம்னா `APPROXIMATE`. ஆனா கஸ்டமர் திரையில எல்லாமே ஒரே சிவப்பு ஊசிதான். அது கச்சிதமா தெரியறதால "உறுதி செய்" அமுக்கிடறாங்க.

உங்க ஷீட்லயே இதைக் கண்டுபிடிக்கலாம். கையால நகர்த்தின பின் ரெண்டு பேருக்கு ஆறு இலக்கம் வரைக்கும் ஒண்ணா வர்றது அபூர்வம். அட்சரேகை E நெடுவரிசை, தீர்க்கரேகை F நெடுவரிசைன்னு வெச்சுக்குவோம். பக்கத்து நெடுவரிசையில இதைப் போட்டு கீழ வரைக்கும் இழுங்க:

```
=COUNTIFS(E:E,E2,F:F,F2)
```

ரெண்டோ அதுக்கு மேலயோ வந்தா அந்தப் புள்ளி கஸ்டமர் வெச்சது இல்லை, மேப் கொடுத்ததா இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே அபார்ட்மென்ட் பேரைத் தேடினவங்களுக்கும் ஒரே புள்ளி வரும், அது பரவாயில்லை. அதனால கண்ணால ஒரு தடவை பாருங்க.

டிஜிபின் பத்தி: 2025 மே மாசம் அஞ்சல் துறை வெளியிட்டது, ஐஐடி ஹைதராபாத்தும் இஸ்ரோவோட தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்கினது. நாடு முழுக்க ஏறக்குறைய நாலுக்கு நாலு மீட்டர் கட்டமா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் பத்து எழுத்து. எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. போன்ல வாயால சொல்லலாம், நோட்டுல எழுதலாம். ஆனா அது அட்சரேகை தீர்க்கரேகையை வேற எழுத்துல எழுதறதுதான். பின் தெருவோட நடுவுல இருந்தா தெரு நடுவோட டிஜிபின் வரும். ஸ்டோர் வீட்டுல எந்த போர்ஷன், எந்த மாடின்னு அதுல கிடையாது. பின்கோடுக்கும் அது போட்டி இல்லை. 1972-லேர்ந்து இருக்கிற பின்கோடு எந்தத் தபால் நிலையம் கொண்டு போய்க் கொடுக்கணும்னு சொல்லுது, வீடு எங்கன்னு சொல்லலை.

---

சைக்கிள்_டு_பைக் | புதன், இரவு 9:50

சார், பின் விஷயத்துல நான் பட்ட ஒண்ணு. கார்னர் வீடு. கஸ்டமர் பின்னை வீட்டுக் கூரை மேல அழகா வெச்சிருந்தாங்க. வழி காட்டுற ஆப் என்னைப் பின்பக்க சந்துக்குக் கொண்டு போய் "வந்துட்டீங்க"ன்னு சொல்லுச்சு. அங்க காம்பவுண்ட் சுவர்தான் இருக்கு. கேட்டு முன் தெருவுல. ஒருவழிப்பாதை வேற, சுத்திட்டு வர எட்டு நிமிஷம்.

---

வரைபடக்காரர் | புதன், இரவு 10:30

அண்ணே, இதைத்தான் நான் சொல்லாம விட்டுட்டேன், நல்லவேளை சொன்னீங்க. ஆப் பின்னுக்கு எந்த ரோடு கிட்டக்க இருக்கோ அதுக்கு வழி போடும். கூரையோட நடுவிலேர்ந்து பின்சந்து ரெண்டு மீட்டர் கிட்டன்னா அங்கதான் கொண்டு போகும். அதனால மேப்ல "உங்க வீட்டைக் காட்டுங்க"ன்னு எழுதாதீங்க. "வண்டி நிக்க வேண்டிய கேட்டுக்கு முன்னாடி, தெரு மேல பின்னை வையுங்க"ன்னு எழுதுங்க. ஒரு வரியை மாத்தினாலே கார்னர் வீட்டுப் பிரச்னை பெருமளவு போயிடும்.

மெரினா மகனுக்கு: அம்மா மேப்பைத் தொட வேண்டாம். முதல் டெலிவரி நல்லபடியா முடிஞ்சதும் வாசல்ல நின்னே தம்பி தன் போன்ல அந்த இடத்தைக் குறிச்சுக்கட்டும். அடுத்த தடவைலேர்ந்து அந்தப் புள்ளிதான். ரெண்டு மூணு தடவை எடுத்து, தனியா விலகி நிக்கறதை விட்டுட்டா இன்னும் நல்லது. வாடிக்கையாளர் வெச்ச பின்னை விட எனக்கு அதுலதான் நம்பிக்கை.

---

சைக்கிள்_டு_பைக் | புதன், இரவு 10:52

அதுலயும் ஒண்ணு இருக்கு. ஆப்ல "டெலிவர்ட்"னு அமுக்கற இடத்தை வெச்சுத்தானே அந்தப் புள்ளி வருது? நாங்க எல்லாரும் வாசல்ல நின்னு அமுக்கறது இல்லை. கையில பை, பின்னாடி ஹாரன். தெருமுனைக்கு வந்து நாலஞ்சு வீட்டுக்கு மொத்தமா அமுக்குவோம். அப்ப நாலு வீட்டுக்கும் தெருமுனைதான் விழும். தம்பிங்ககிட்ட இது எதுக்குன்னு உக்கார வெச்சுச் சொல்லுங்க மேடம். புரிஞ்சா செய்வாங்க.

---

தனிவீடு_தேவி | வியாழன், காலை 11:05

எல்லாரும் பின் துல்லியமா வேணும்னு பேசறீங்க. நான் தனியா இருக்கற பொண்ணு. என் கேட்டு, மாடி, போர்ஷன், மேப்ல ஊசி எல்லாம் ஒரு டெலிவரி ஆளோட சொந்த போன்ல, வாட்ஸ்அப்ல கிடக்கறது எனக்குப் பயமா இருக்கு. ஆறு மாசம் முன்னாடி ஒரு கடையில வேலையை விட்டுப் போனவர் எனக்கு மெசேஜ் அனுப்பினார். அதுலேர்ந்து நான் தெருமுனைக் கடையைத்தான் பின்னா கொடுக்கறேன், இறங்கி வந்து வாங்கிக்கறேன்.

---

மாவுக்கடை_மாம்பலம் | வியாழன், மதியம் 3:30

தேவி, நீங்க சொன்னது மனசைப் பிசையுது. எங்க தம்பிங்களும் வாட்ஸ்அப்லதான் லொக்கேஷன் வாங்கறாங்க. இதை யோசிக்கவே இல்லை.

சார், அந்த ஃபார்முலா போட்டேன். 412 பேர்ல 57 பேருக்கு ரெண்டோ அதுக்கு மேலயோ வந்தது. அபார்ட்மென்ட் 14 போக 43. அந்த 18/35 அம்மாவும் இன்னும் ஆறு பேரும் ஒரே புள்ளி. மேப்ல போட்டுப் பார்த்தா தெருவோட நட்டநடுவுல, ரோடு மேல நிக்குது. தம்பி சரியான இடத்துக்குத்தான் போயிருக்கார். பக்கத்துல 18-ன்னு பலகையைப் பார்த்ததும் சந்தேகமே வரலை. பாவம், அவரைத் திட்டிட்டேன். சாயந்திரம் மன்னிப்புக் கேக்கணும்.

---

வரைபடக்காரர் | வியாழன், மாலை 6:20

பின்னும் நம்பரும் ஒண்ணுக்கொண்ணு சாட்சி. 18/35-ல ரெண்டுமே தடுமாறினது, ஆனா சேர்ந்து நின்னதால சரின்னு தோணிடுச்சு. அதனால முதல் கேள்விக்கு என் பதில்: ரெண்டும் வேணும். பின் தெருவுல கேட்டு வரைக்கும், எழுத்து கேட்டுலேர்ந்து கதவு வரைக்கும்.

பெட்டிகளைப் பொறுத்தவரைக்கும் வாசல் பலகையில இருக்கற எண், இன்னொரு எண் இருந்தா அது, போர்ஷன் அல்லது மாடி, தெரு, பகுதி, பின்கோடு, கடைசியா "எதிர்ல என்ன இருக்கு". இதுக்கு மேல போகாதீங்க, ஆர்டரை விட்டுட்டுப் போயிடுவாங்க. போர்ஷனைக் கட்டாயமாக்குங்க, "தனி வீடு"ன்னு ஒரு தேர்வும் வையுங்க. இல்லைன்னா காலியா விடறதுக்குப் பதிலா ஒரு புள்ளி வெச்சுட்டுப் போவாங்க. பின்கோடும் பின்னும் ஒத்துப்போகலைன்னா ஆர்டரைத் தடுக்காதீங்க, "இது சரியா"ன்னு மட்டும் கேளுங்க. பக்கத்து ஏரியா பின்கோடை வருஷக்கணக்கா எழுதற குடும்பங்கள் நிறைய உண்டு.

தேவி அம்மா சொன்னதுக்கு என்கிட்ட முழு விடை இல்லை. புள்ளியை ஷீட்ல வெச்சுட்டு அன்னன்னைக்குப் போற வீடுகளோட இணைப்பை மட்டும் தம்பிக்கு அனுப்பலாம். ஆனா தினம் அதே வீட்டுக்குப் போறவருக்கு வீடு தெரியாமப் போகாது.

---

சைக்கிள்_டு_பைக் | வியாழன், இரவு 9:15

"எதிர்ல என்ன இருக்கு" நான் ஒத்துக்கறேன், ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை கேளுங்க. எங்க லைன்ல இன்னும் ஒரு டெய்லர் கடை பேரை அடையாளமா எழுதறாங்க. அந்தக் கடையை மூடி மூணு வருஷம் ஆச்சு, இப்ப அங்க போன் ரிப்பேர் கடை.

---

தனிவீடு_தேவி | வியாழன், இரவு 9:48

இணைப்பு மட்டும் அனுப்பறது பரவாயில்லை. ஆனா தெருமுனையில வாங்கிக்கறேன்னு ஒரு தேர்வும் வையுங்க அக்கா. எனக்கு அதுதான் நிம்மதி.

---

மாவுக்கடை_மாம்பலம் | மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு, மாலை 5:40

சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். பெட்டியை உடைச்சாச்சு. மேப்ல "கேட்டுக்கு முன்னாடி, தெரு மேல"ன்னு எழுதியாச்சு. அந்த 43 பேருக்கும் நானே போன் பண்ணேன். 31 பேர் சாயந்திரம் வீட்டுல இருக்கறப்போ வாசல்ல நின்னு வாட்ஸ்அப்ல லொக்கேஷன் அனுப்பினாங்க, என் நம்பருக்கு மட்டும். அதுலயே "இத்தனை மீட்டர் துல்லியம்"னு காட்டுது, அந்த எண் குறையற வரைக்கும் காத்திருந்து அனுப்பச் சொன்னேன். தெருமுனைத் தேர்வும் வெச்சேன். தேவி ஒருத்தர்தான்னு நெனச்சேன், ஒன்பது பேர் எடுத்திருக்காங்க.

போன வாரம் தப்பினது 11. நாலு திருவல்லிக்கேணி. அதுல மூணு ஒரே ஸ்டோர் வீடு. உள்ள போர்ஷனுக்கெல்லாம் நம்பரே கிடையாது, எல்லாருமே "பின் போர்ஷன்"னுதான் எழுதறாங்க. நாளைக்குக் காலையில நானே தம்பிகூட வண்டியில போறேன். ஒவ்வொரு கதவுலயும் யார் இருக்காங்கன்னு கேட்டு எழுதிட்டு வரணும். சைக்கிள் டு பைக் அண்ணா, அந்த மாதிரி இடத்துல நீங்க கதவை எந்தக் கணக்குல எண்ணுவீங்க, நுழைஞ்சதும் இடது பக்கத்துலேர்ந்தா, இல்ல கிணத்துப் பக்கத்துலேர்ந்தா?

---

சைக்கிள்_டு_பைக் | ஞாயிறு, இரவு 8:30

இடது பக்கத்துலேர்ந்துதான் மேடம், நேரா உள்ள போயி, சுத்தி வலது பக்கமா வெளிய வரணும். கிணறு சில ஸ்டோர்ல மூடிட்டாங்க. மாடிப்படி எங்க ஏறுதுன்னும் குறிச்சுக்கோங்க, அதுதான் இருட்டுல தெரியாது.